கருவியின் பிழை வேறு, காலத்தின் பிழை வேறு

எட்டு மில்லிமீட்டர் ஃபிலிமை 1932ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனம் வீட்டுப் பயன்பாட்டுக்கென்று கொண்டுவந்தது. 1965இல் அதே அகலத்தில் கொஞ்சம் பெரிய படத்தோடு சூப்பர் 8 வந்தது. வீடியோ கேமரா வந்து இரண்டையும் ஓரங்கட்டும் வரை, உலகெங்கும் குடும்பங்கள் தங்கள் திருமணங்களையும் பயணங்களையும் குழந்தைகளையும் இந்தச் சின்னஞ்சிறு சுருள்களில்தான் படம்பிடித்து வைத்தன. இன்று அந்தச் சுருளைக் கையில் எடுப்பவர் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான்: புரொஜெக்டரில் ஏற்றி ஓட்டி, திரையில் விழும் படத்தைக் கேமராவிலோ மொபைலிலோ பிடித்துக்கொள்கிறார். பிடித்ததைப் போட்டுப் பார்த்தால் படம் விட்டுவிட்டுத் துடிக்கிறது, ஆட்கள் ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள், எல்லாம் சிவந்து கிடக்கிறது. பழைய ஃபிலிம் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பை மறுக்கத்தான் இங்கே நிற்கிறேன். அந்தத் துடிப்பு ஃபிலிமில் இல்லை. வேகக் கோளாறு பெரும்பாலும் ஃபிலிமில் இல்லை. சிவப்பில் ஒரு பங்குதான் ஃபிலிமுக்கு உரியது. மிச்சமெல்லாம் புரொஜெக்டரும் கேமராவும் சேர்த்துவிட்டவை. கருவி சேர்க்கும் பிழையைப் பதிவு செய்யும்போதே தடுத்தாக வேண்டும். பின்னால் அதை எடுக்க வழியில்லை. காலத்தால் ஃபிலிமுக்கு வந்த பிழையைப் பதிவு முடிந்த பிறகுதான் திருத்த வேண்டும். ஓடும்போதே திருத்தப் போனால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். இதுதான் என் வாதம். வேகத்தையும் நிறத்தையும் தனித்தனியே எடுத்துக்கொண்டு இதை விளக்குகிறேன்.

முதலில் சுருளைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. பழைய எட்டு மில்லிமீட்டரில், அதாவது ரெகுலர் 8 என்று சொல்லப்படுவதில், ஓர் அடி நீளத்துக்கு 80 ஃபிரேம்கள் இருக்கும். வீட்டுச் சுருளின் வழக்கமான நீளம் 50 அடி. ஆக ஒரு சுருளில் 4,000 ஃபிரேம்கள். நொடிக்கு 16 ஃபிரேம் என்ற வேகத்தில் எடுத்திருந்தால் 4 நிமிடம் 10 நொடி ஓடும். சூப்பர் 8இல் அடிக்கு 72 ஃபிரேம். 50 அடிக்கு 3,600. நொடிக்கு 18 வீதம் 3 நிமிடம் 20 நொடி. உங்கள் கையில் இருப்பது எது என்று துளையைப் பார்த்தே சொல்லிவிடலாம். துளை பெரிதாக, இரண்டு ஃபிரேம்கள் சந்திக்கும் கோட்டருகே இருந்தால் ரெகுலர் 8. சிறிதாக, ஃபிரேமின் நடுவுக்கு நேரே இருந்தால் சூப்பர் 8. ஒன்றை மற்றதற்கான புரொஜெக்டரில் ஓட்டினால் துளைகள் கிழியும். அந்த 4,000 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வேலை சரியாக நடந்ததா என்று இறுதியில் சாட்சி சொல்லப்போவது அதுதான்.

இப்போது துடிப்புக்கு வருவோம். புரொஜெக்டரில் ஃபிலிம் தொடர்ந்து ஓடுவதில்லை. கேட்டில் ஒரு ஃபிரேம் நின்று, ஒளி பெற்று, பிறகு சட்டென்று கீழே இழுக்கப்பட்டு அடுத்தது வந்து நிற்கிறது. இழுபடும் நேரத்தில் ஷட்டரின் இறக்கை ஒளியை மறைக்கிறது. ஃபிரேமுக்கு ஒருமுறை மட்டும் மறைத்தால், நொடிக்கு 16 முறை இருட்டும் வெளிச்சமும் மாறி மாறிக் கண்ணை உறுத்தும். அதனால்தான் மௌனப் பட புரொஜெக்டர்களில் மூன்று இறக்கைகள் வைத்தார்கள். ஒவ்வொரு ஃபிரேமும் மூன்று முறை மின்னும். 16 ஃபிரேமுக்கு 48 மின்னல். கண்ணுக்கு அது போதும். கேமராவுக்குப் போதாது. கேமரா நொடிக்கு 25 அல்லது 50 முறை தன் கணக்கில் திறந்து மூடுகிறது. புரொஜெக்டர் 48 முறை தன் கணக்கில் மின்னுகிறது. இரண்டு கணக்கும் ஒத்துப்போகாததால் ஒரு வீடியோ ஃபிரேமுக்கு ஒளி கூடுதலாகவும் அடுத்ததற்குக் குறைவாகவும் விழுகிறது. நாம் துடிப்பு என்று பார்ப்பது இந்த வேறுபாட்டைத்தான். 50க்கும் 48க்கும் இடையே 2 என்றால், நொடிக்கு இரண்டு முறை படம் மங்கித் தெளியும். குழல்விளக்கு வெளிச்சத்தில் சுற்றும் மின்விசிறி மெல்லப் பின்னோக்கிச் சுழல்வதுபோலத் தெரிவதும் இதே வகை மாயம்தான். இதை மென்பொருளால் ஓரளவு மறைக்கலாம், போக்க முடியாது. ஏனென்றால் இன்றைய கேமராக்களின் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. எனவே மங்கல் முழுப் படத்துக்கும் ஒரே அளவில் வராமல் கிடைமட்டப் பட்டைகளாக வந்து ஊர்ந்துபோகும்.

இதற்கு மருந்து எளிய வகுத்தலில் இருக்கிறது. கேமராவை நொடிக்கு 50 ஃபிரேம் என்று வையுங்கள். ஷட்டரை 1/50 நொடி என்று பூட்டுங்கள். புரொஜெக்டரின் வேகக் குமிழைத் திருகி நொடிக்கு 16.67 ஃபிரேமுக்குக் கொண்டுவாருங்கள். மூன்று இறக்கைகளுக்கு 16.67ஐ மூன்றால் பெருக்கினால் 50. இப்போது ஒரு மின்னலுக்கு ஒரு வீடியோ ஃபிரேம். சென்சாரின் ஒவ்வொரு வரியும் எந்தக் கணத்தில் தொடங்கினாலும் சரியாக ஒரு முழு மின்னல் சுற்றின் ஒளியை வாங்குவதால் பட்டை மறைந்துவிடும். அந்த வேகத்தை எப்படி அறிவது? எண் காட்டும் கருவி தேவையில்லை. கேமராவின் திரையில் பட்டைகளைப் பாருங்கள். அவை மேலும் கீழும் ஊர்ந்தால் வேகம் இன்னும் ஒட்டவில்லை. குமிழை மெல்லத் திருகத் திருக ஊர்வது தளர்ந்து, ஒரு புள்ளியில் பட்டை நின்று கரைந்துவிடும். அதற்கு முன் மோட்டாரைப் பத்து நிமிடமாவது வெறுமனே ஓட விடுங்கள். சூடேறும்போது அதன் வேகம் மாறும். உங்கள் கேமராவிலோ மொபைலிலோ 60 மட்டும்தான் உண்டென்றால் கணக்கு 20 ஃபிரேம், 60 மின்னல், ஷட்டர் 1/60 என்று மாறும், வழி அதேதான். வேகத்தை மாற்றவே முடியாத புரொஜெக்டர் என்றால் இந்த முறைக்கு அது உதவாது. அதை ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றை இரவல் வாங்குவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழும். ஃபிலிம் எடுக்கப்பட்டது 16 ஃபிரேமில், நீங்கள் 16.67இல் ஓட்டச் சொல்கிறீர்கள். 20இல் ஓட்டினாலும் சரி என்கிறீர்கள். வேகத்தைத் திருத்த வந்தவர் வேகத்தைக் கெடுக்கிறாரே? புரொஜெக்டர் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதும், ஃபிலிம் எந்த வேகத்தில் எடுக்கப்பட்டது என்பதும் வேறு வேறு கேள்விகள் என்பதே பதில். முதல் கேள்விக்குக் கேமரா பதில் சொல்கிறது. இரண்டாவதற்கு ஃபிலிம் பதில் சொல்கிறது. பதிவின்போது நமக்கு வேண்டியது ஒவ்வொரு ஃபிரேமும் ஒருமுறையாவது கலப்பில்லாமல் கிடைப்பது மட்டும்தான். 50இல் பதிவு செய்த வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். ஒரே ஃபிலிம் ஃபிரேம் மூன்று முறை வரும். அந்த மூன்றில் ஒன்றிலோ இரண்டிலோ, ஃபிலிம் இழுபட்ட நேரம் குறுக்கே விழுந்து, இரண்டு படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியலாம்: ஒரே கைக்கு இரண்டு விளிம்பு, ஒரே முகத்தில் நான்கு கண். ஆனால் மூன்றில் ஒன்று சுத்தமாக இருக்கும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் நீக்கினால் ஃபிலிமில் இருந்த ஃபிரேம்களே, எண்ணிக்கை மாறாமல், கைக்கு வந்துவிடுகின்றன. 50 அடிச் சுருள் 16.67 வேகத்தில் சரியாக 4 நிமிடம் ஓடும். வீடியோவில் 12,000 ஃபிரேம். மூன்றிலொன்று எடுத்தால் 4,000. முன்னே சொன்ன எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சுருளின் தலைப்பும் வாலும் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும். ஆனால் வித்தியாசம் நூற்றுக்கணக்கில் வந்தால் புரொஜெக்டரின் வேகம் நடுவில் வழுவியிருக்கிறது என்று பொருள். அப்படி வழுவிய இடத்தில் மூன்றிலொன்று என்று கண்ணை மூடிக்கொண்டு எண்ணினால், சுத்தமான ஃபிரேம் விட்டுப்போய் கலந்த ஃபிரேம் கைக்கு வரும். அங்கே துண்டித்து, அடுத்த துண்டுக்கு எண்ணிக்கையை ஒரு ஃபிரேம் தள்ளித் தொடங்க வேண்டும். பொறுமை கேட்கும் வேலைதான், ஆனால் சுருளுக்குச் சில இடங்களில்தான் தேவைப்படும்.

சாதாரணமாக நொடிக்கு 25 அல்லது 30 என்று பதிவு செய்துவிட்டு, பிறகு மென்பொருளில் வேகத்தைக் குறைப்பவர்கள் தவறும் இடம் இதுதான். அவர்களிடம் இருப்பவற்றில் பல கலந்த ஃபிரேம்கள். வேகத்தைக் குறைத்தால் அந்தக் கலப்பு இன்னும் நீண்ட நேரம் கண்முன் நிற்கும். கலந்த இரண்டு படங்களைப் பிரித்தெடுக்கும் நேர்மையான வழி எதுவும் இல்லை.

ஃபிரேம்கள் கைக்கு வந்துவிட்டன. இப்போது இரண்டாவது கேள்வி: அசல் வேகம் என்ன? ரெகுலர் 8 என்றால் 16, சூப்பர் 8 என்றால் 18 என்று எழுதிவிட்டு முடித்துக்கொள்ளலாமே என்பார்கள். பெரும்பாலான சுருள்களுக்கு அது போதும். ஆனால் அது கேமராவில் பொறித்த எண். கேமரா உண்மையில் ஓடிய எண் அல்ல. உலகில் மிக அதிகமாக ஆராயப்பட்ட எட்டு மில்லிமீட்டர் சுருளே இதற்குச் சான்று. 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸ் நகரில் அதிபர் கென்னடி சுடப்பட்டதை ஆபிரகாம் ஸப்ரூடர் என்ற ஆடைத் தயாரிப்பாளர் தம் பெல் அண்ட் ஹவல் கேமராவில், கோடாகுரோம் ரெகுலர் 8 ஃபிலிமில் பிடித்தார். 486 ஃபிரேம்கள். அந்தக் கேமராவின் வழக்கமான ஓட்டத்துக்குக் குறிக்கப்பட்ட வேகம் 16. அமெரிக்கப் புலனாய்வுத் துறை அதே கேமராவை ஓட்டிச் சோதித்தபோது கிடைத்த சராசரியோ 18.3. இரண்டையும் போட்டுப் பாருங்கள்: 16 என்று கொண்டால் அந்தக் காட்சி 30 நொடிக்கு மேல் நீள்கிறது, 18.3 என்று கொண்டால் 27 நொடிக்குள் முடிந்துவிடுகிறது. தோட்டாக்களுக்கு இடையே எத்தனை நொடி என்பது விசாரணையின் மையக் கேள்வியாக இருந்த வழக்கில் இது சின்ன வித்தியாசம் இல்லை. நம் வீட்டுச் சுருளில் அவ்வளவு பெரிய விஷயம் தொங்கிக்கொண்டிருக்காது. ஆனாலும் ஒரு பாட்டியின் நடை அவருடைய நடையாகவே தெரிகிறதா என்பதை 16க்கும் 18.3க்கும் இடையிலான இந்த 14 விழுக்காடுதான் தீர்மானிக்கும்.

நம்மிடம் பெரும்பாலும் அந்தக் கேமரா இருக்காது. சோதித்துப் பார்க்க வழியில்லை. அப்போது ஃபிலிமுக்குள்ளேயே கடிகாரம் தேட வேண்டும். புவியீர்ப்பு நமக்கு நல்ல கடிகாரம். ஊஞ்சல் ஒன்று படத்தில் வந்துவிட்டால் அதிர்ஷ்டம்தான். ஊஞ்சல் ஒருமுறை போய்த் திரும்பும் நேரம், மிதமான வீச்சில், ஏறக்குறைய அதன் நீளத்தை மட்டுமே பொறுத்தது. ஆளின் எடை கணக்கில் வராது. கட்டிய இடத்திலிருந்து உட்கார்ந்தவரின் உடல் மையம் வரை 2 மீட்டர் என்றால் அந்த நேரம் 2.8 நொடிக்குச் சற்று மேல். நொடிக்கு 16 ஃபிரேமில் எடுத்திருந்தால் ஒரு வீச்சுக்கு 45 ஃபிரேம் இருக்கும். 18 என்றால் 51. 24 என்றால் 68. எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு வீச்சை எண்ணாமல் ஐந்தாறு வீச்சுகளைச் சேர்த்து எண்ணி வகுத்தால் பிழை குறையும். கைதவறி விழும் பொருளும் உதவும், ஆனால் அந்த அளவுக்கு நுட்பமாக இல்லை: 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழ அரை நொடி. 16இல் அது 8 ஃபிரேம், 18இல் 9. ஒரு ஃபிரேம் வித்தியாசத்தை நம்பி முடிவெடுக்க முடியாது. 16ஆ 24ஆ என்று பிரிக்க மட்டும் அது போதும். சுவர்க்கடிகாரத்தின் நொடிமுள், அணிவகுப்பின் காலடி போன்றவை கிடைத்தாலும் இப்படியே எண்ணலாம். சாவி கொடுத்து ஓடும் கேமராக்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வில் தளரத் தளர ஓட்டம் குறையும். நொடிக்கு விழும் ஃபிரேம்கள் குறைவதால், ஒரு ஷாட்டின் கடைசிப் பகுதியில் ஆட்கள் திடீரென வேகமெடுப்பார்கள். அந்தப் பகுதிக்கு மட்டும் வேறு வேகம் கொடுப்பதில் தவறில்லை, ஆனால் எண்ணிப் பார்த்த சான்று இருந்தால் மட்டும்.

வேகம் முடிவானதும் கோப்பை அந்த வேகத்திலேயே, நொடிக்கு 16 என்றால் 16 என்றே சேமித்துவிடலாம். இன்றைய பிளேயர்கள் அதை ஓட்டும். வேறு வடிவம் கேட்டால் ஒவ்வொரு ஃபிரேமையும் மூன்று முறை இட்டு 48 ஆக்குங்கள். மூன்று இறக்கை புரொஜெக்டர் செய்ததும் அதைத்தான். இடையில் இல்லாத ஃபிரேம்களைக் கணினி கற்பனை செய்து நிரப்பி, அசைவை வழவழப்பாக்கித் தரும் வசதி இப்போது பல மென்பொருள்களில் இருக்கிறது. பார்க்க இனிமையாக இருக்கிறதே, அதில் என்ன குற்றம் என்று கேட்பார்கள். வேகத்தைச் சரிசெய்யும்போது நாம் எந்தப் படத்தையும் தொடுவதில்லை. எப்போது காட்டுவது என்பதை மட்டும் மாற்றுகிறோம். இடைப் படங்களை உண்டாக்கும்போது யாரும் எடுக்காத படங்களைச் சேர்க்கிறோம். வீசும் கைவிரல்களைச் சுற்றிக் காற்று உருகுவதுபோல் தெரிவதைப் பாருங்கள். அது அந்தப் பொய்யின் விளிம்பு. பார்வைக்கென்று ஒரு தனிப் பிரதியில் செய்துகொள்ளட்டும். காக்க வேண்டிய பிரதியில் அதற்கு இடமில்லை.

நிறத்துக்கு வருகிறேன். கேமராவை ஆட்டோவில் விட்டுப் பதிவு செய்தால் என்ன ஆகிறது? சிவந்த காட்சி வருகிறது. கேமரா அதை ஈடுகட்ட நீலத்தைக் கூட்டுகிறது. அடுத்த ஷாட்டில் பச்சை வயல். உடனே வேறு பக்கம் சாய்கிறது. இரவுக் காட்சி வந்தால் வெளிச்சத்தையும் ஏற்றித் துகளைக் கொட்டுகிறது. ஒரே சுருளுக்குள் நூறு விதமான திருத்தங்கள் செய்து, எதையும் எங்கும் குறித்துவைக்காமல் போய்விடுகிறது. இதைப் பின்னால் அவிழ்க்க யாராலும் முடியாது. எனவே எல்லாவற்றையும் மேனுவலுக்கு மாற்றுங்கள். அறையை முழுக்க இருட்டாக்குங்கள். வெளியொளி கலந்தால் கறுப்பெல்லாம் வெளிறிவிடும். மினுமினுப்புத் திரை வேண்டாம். பளபளப்பில்லாத வெள்ளை அட்டையில் ஓரடி அகலத்துக்குச் சிறிதாகப் படத்தை விழச் செய்யுங்கள். கேமராவைப் புரொஜெக்டரின் லென்ஸை ஒட்டினாற்போல, கோணல் இல்லாதபடி நிறுத்துங்கள். பிறகு ஃபிலிம் இல்லாமல் புரொஜெக்டரை ஓட்டுங்கள். அட்டையில் விழுவது விளக்கின் வெளிச்சம் மட்டும். புரொஜெக்டர் விளக்கு இயல்பிலேயே மஞ்சள் சாய்ந்தது. அந்த வெளிச்சத்தைக் கேமராவிடம் வெள்ளை என்று அறிமுகம் செய்து ஒயிட் பேலன்ஸைப் பூட்டுங்கள். எக்ஸ்போஷரை, அந்த வெள்ளை உச்ச அளவுக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி வைத்துப் பூட்டுங்கள். விளக்கின் சாயல் இங்கேயே கழிந்துவிட்டது. இனிமேல் படத்தில் எந்தச் சாயல் தெரிந்தாலும் அது ஃபிலிமுடையது.

ஃபிலிமுடைய சாயலுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. வண்ண ஃபிலிமில் மூன்று அடுக்குச் சாயம்: சியான், மெஜந்தா, மஞ்சள். சியான் சிவப்பொளியைத் தடுக்கிறது, மெஜந்தா பச்சையை, மஞ்சள் நீலத்தை. இருட்டான இடத்தில் மூன்று சாயமும் நிறைந்து எல்லா ஒளியையும் அடைத்துவிடுகின்றன. வெள்ளையான இடத்தில் சாயமே இல்லை. பல பழைய ஃபிலிம்களில், முக்கியமாக வீட்டில் பார்க்க விற்கப்பட்ட அச்சுப் பிரதிகளில், இருட்டில் பத்திரமாக வைத்திருந்தாலும் ஆண்டுகள் போகப் போகச் சியான் வெளுக்கும். நம் ஊர் வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். சியான் போனால் சிவப்பொளியைத் தடுக்க ஆளில்லை. ஆனால் எங்கே அதிகமாகத் தடுத்துக்கொண்டிருந்ததோ அங்கேதான் இழப்பும் அதிகம். ஆகவே இருட்டு சிவக்கும்; வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். பார்த்துப் பிரித்தறிய இது ஒன்று போதும். வெள்ளைச் சட்டையும் கறுப்பு முடியும் சேர்ந்து வரும் ஒரு ஃபிரேமைத் தேடுங்கள். முடி சிவந்து சட்டை வெள்ளையாகவே இருந்தால் சாயம் போயிருக்கிறது. சட்டை நீலம் பாய்ந்து முடி கறுப்பாக இருந்தால், விளக்கொளிக்கான ஃபிலிமை வடிகட்டி போடாமல் வெயிலில் எடுத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.

சாயம் போன ஒரு ஃபிரேமை எடுத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். கறுப்பாக இருக்க வேண்டிய முடியில் அளவெடுத்தால் சிவப்பு 90, பச்சை 40, நீலம் 42 என்று வருவதாகக் கொள்ளுங்கள், உச்சம் 255. சிவப்பு 50 அதிகம். படம் முழுவதும் சிவப்பில் 50ஐக் கழித்துவிடுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி. முடி கறுத்துவிடும். ஆனால் வெள்ளைச் சட்டையின் 255, 205 ஆகிச் சட்டை நீலப்பச்சையாகிவிடும். எங்கே இழப்பே இல்லையோ அங்கேயும் திருத்தினோம், அதனால் வந்த வினை. சாயம் போனது அதன் அடர்த்தியில் ஒரு பங்கு. திருத்தமும் அடர்த்தியில்தான் நடக்க வேண்டும். அடர்த்தியை ஒரு மடங்கு கூட்டுவது என்பது ஒளியளவை ஓர் அடுக்குக்கு உயர்த்துவதுதான். 90ஐ 255ஆல் வகுத்து, எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 40க்குரிய பின்னம் வரும் என்று பார்த்தால் விடை 1.78. அந்த அடுக்கைச் சிவப்புக்கு மட்டும் கொடுங்கள்: 90 இருந்தது 40 ஆகும், 180 இருந்தது 137 ஆகும், 255 அசையாமல் 255ஆகவே நிற்கும். முடி கறுக்கிறது, தோல் மனிதத் தோலாகிறது, சட்டை தப்பிக்கிறது. எடிட்டிங் மென்பொருளில் இதற்குச் சிவப்பின் காமா என்று பெயர், 1.78ஐத் தலைகீழாக்கி 0.56 என்று கொடுக்க வேண்டியிருக்கும். அல்லது சிவப்பின் வளைகோட்டில் மேல்முனையைப் பிடித்துவைத்துக்கொண்டு நடுவைக் கீழே இழுக்கலாம். ஒரே வகை ஃபிலிம், ஒரே பெட்டியில் கிடந்தது என்றால் இந்த எண் சுருள் முழுக்க ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஷாட்டுக்கு ஷாட் மாற்ற வேண்டிவந்தால் ஃபிலிமைச் சந்தேகிப்பதற்கு முன், கேமராவில் ஏதோ ஆட்டோவில் இருந்துவிட்டதா என்று பாருங்கள்.

இதற்கு எல்லை உண்டு. சிவப்பின் அடுக்கைக் கூட்டும்போது வெளிச்சமான பகுதிகளில் துகளும் அதே விகிதத்தில் பெருக்கப்படும். முகத்திலும் வானத்திலும் சிவப்பு மணல் தூவியதுபோல் தெரியத் தொடங்கும். 10 பிட் பதிவு கேமராவில் இருந்தால் பயன்படுத்துங்கள். நிறம் பட்டை பட்டையாக உடைவது குறையும். அடுக்கு 3ஐத் தாண்டும் நிலை வந்தால் சியான் அடுக்கில் மிஞ்சியிருப்பது மிகக் கொஞ்சம் என்று பொருள். அதற்கு மேல் இழுத்து வருவிப்பது நிறமாகத் தெரிந்தாலும் ஃபிலிம் சொன்னதாகாது. அங்கே கறுப்பு வெள்ளைப் பிரதி எடுத்துவிடுவதே நாணயம். கோடாகுரோமுக்கு இந்தத் திருத்தமே பெரும்பாலும் தேவைப்படாது. இருட்டில் இருந்தால் அதன் சாயம் பல பத்தாண்டுகள் நிலைக்கும். ஆனால் புரொஜெக்டர் விளக்கின் முன் திரும்பத் திரும்ப ஓட்டினால் வெளுக்கும். பயிற்சிக்கும் ஒத்திகைக்கும் வேறு சுருளைப் பயன்படுத்துங்கள்.

வேகத்தையும் நிறத்தையும் இப்படி மாற்றுவது பழமையைப் பொய்யாக்குவதாகாதா என்ற ஆட்சேபம் மதிக்கத்தக்கது. வேகத்தில் எண்ணிய ஃபிரேம்களும், நிறத்தில் கறுப்பு முடியின் அளவும் நமக்குச் சான்று. சான்று காட்டும் தூரம் வரை போவது திருத்தம். அழகுக்காக அதற்கு அப்பால் போவது ஒப்பனை. அதனால்தான் திருத்தாத பதிவை அப்படியே தனியாக வைத்திருக்க வேண்டும் என்கிறேன். நம் எண் தவறு என்று நாளை ஒருவர் காட்டினால் அவர் அங்கிருந்து மீண்டும் தொடங்கலாம்.

கடைசி ஆட்சேபம் எல்லாவற்றிலும் வலுவானது. ஒவ்வொரு ஃபிரேமையும் நேரடியாகப் படமெடுக்கும் ஸ்கேனர்கள் இருக்கும்போது, லென்ஸ் வழியாகத் திரையில் விழவைத்து இன்னொரு லென்ஸ் வழியாகப் பிடிப்பானேன்? கூர்மையில் ஸ்கேனர் வெல்லும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ரெகுலர் 8இன் படம் 4.5 மில்லிமீட்டர் அகலம்தான். அதில் ஒரு பங்கைத் திரையிடலில் இழக்கத்தான் செய்வோம். நடுவில் வெளிச்சம் கூடி ஓரம் மங்குவதும் உண்டு. பணமும் வாய்ப்பும் இருப்பவர்கள் ஸ்கேனருக்கே போகட்டும். போக முடியாதவர்களுக்கு, பெட்டியில் கிடந்து சியான் வெளுத்துக்கொண்டே போவதைவிட இன்று ஒழுங்காகப் பிடித்த திரைப்பதிவு மேல். ஒரு நிலையில் மட்டும் புரொஜெக்டரைத் தொடவே கூடாது. பெட்டியைத் திறந்ததும் புளித்த காடி வாடை அடித்தால் ஃபிலிமின் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது. அது சுருங்கவும் செய்யும். ரெகுலர் 8இல் நூறு ஃபிரேம் நீளம் 381 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அளவுகோலில் 377க்குக் கீழே வந்தால் ஒரு விழுக்காடு சுருங்கிவிட்டது. பற்கள் துளையில் உட்காராமல் கிழித்துவிடும். அதை ஸ்கேனர் வைத்திருப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பதிவு முடிந்ததும் ஒரு தாளில் நான்கு விவரங்களை எழுதிச் சுருளோடு பெட்டியில் போடுங்கள்: புரொஜெக்டர் ஓடிய வேகம், நீங்கள் முடிவுசெய்த அசல் வேகமும் அதற்கான சான்றும், நிறத்துக்குக் கொடுத்த எண், திருத்தாத கோப்பு எங்கே இருக்கிறது என்ற குறிப்பு. சுருளைத் தூக்கி எறியாதீர்கள். ஈரமில்லாத, வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். பரண் அதற்கு ஏற்ற இடமில்லை.